சொல்லை மாற்றினால் குரல் வருமா? வீராணம் பற்றிய ஐந்து வரிகளைத் திருத்திப் பார்க்கும் ஒரு வழிகாட்டி

இயந்திரம் எழுதித் தந்த வரைவையோ, பல இடங்களில் படித்துத் தொகுத்த குறிப்பையோ கையில் வைத்துக்கொண்டு அதை மனிதர் எழுதியதுபோல் ஆக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் தொடுவது சொற்களைத்தான். 'முக்கியமான' இருந்த இடத்தில் 'இன்றியமையாத' வருகிறது; 'வரலாறு' போய்ச் 'சரித்திரம்' வருகிறது. அரைமணி நேரம் உழைத்த பிறகு பார்த்தால் பக்கம் வேறாகத் தெரிகிறது, ஆனால் படிப்பவருக்கு அது முன்பைவிட அந்நியமாக ஒலிக்கிறது. அந்த உழைப்பு ஏன் வீணாகிறது, அதே அரைமணி நேரத்தை எங்கே செலவிட்டால் பலன் கிடைக்கும் என்பதை ஒரே ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டு படிப்படியாகப் பார்ப்போம்.

எடுத்துக்காட்டாக வீராணம் ஏரியைப் பற்றிய ஐந்து வரிகளை எடுத்துக்கொள்கிறேன். கட்டுரைப் போட்டிகளிலும் விழா மலர்களிலும் இப்போது இயந்திர வரைவுகளிலும் நாம் ஓயாமல் காணும் வகையைச் சேர்ந்தவை இவை.

"வீராணம் ஏரி தமிழ்நாட்டின் மிக முக்கியமான நீர்நிலைகளில் ஒன்றாகும். இது வளமான வரலாற்றையும் பாரம்பரியத்தையும் கொண்டுள்ளது. விவசாயத்திலும் குடிநீர் விநியோகத்திலும் இந்த ஏரி முக்கியப் பங்கு வகிக்கிறது. இது பல்லாயிரக்கணக்கான மக்களின் வாழ்வாதாரமாக விளங்குகிறது. எனவே இத்தகைய நீர்நிலைகளைப் பாதுகாப்பது நம் அனைவரின் கடமையாகும்."

இதில் பிழை எதுவும் இல்லை; இலக்கணமும் சரியாக இருக்கிறது. ஒத்த சொற்களை வைத்துத் திருத்தினால் ஏறத்தாழ இப்படி வரும்:

"வீராணம் தடாகம் தமிழகத்தின் அதிமுக்கியமான நீர்த்தேக்கங்களுள் ஒன்று. இது செழுமையான சரித்திரத்தையும் மரபையும் தன்னகத்தே தாங்கியுள்ளது. வேளாண்மையிலும் பருகுநீர் வழங்கலிலும் இந்தத் தடாகம் இன்றியமையாத இடத்தை ஏற்கிறது. இது எண்ணற்ற மாந்தரின் பிழைப்பாதாரமாகத் திகழ்கிறது. ஆகவே இத்தகு நீர்த்தேக்கங்களைப் பேணுவது நம் எல்லோரின் பொறுப்பாகும்."

முதலில் கெடுவது எது

ஒத்த சொற்கள் பொருளில் நெருங்கியவை என்றாலும் புழக்கத்தில் அவை ஒன்றல்ல. ஏரி என்றால் கரையும் மதகும் கலிங்கும் ஆயக்கட்டும் உடைய பாசன நீர்நிலை என்று தமிழ்நாட்டில் படிப்பவர் அனைவருக்கும் தெரியும். தடாகம் என்றதும் தாமரையும் படிக்கட்டும் கொண்ட சிறிய குளம் மனத்தில் எழுகிறது. 40,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்துக்குப் பாசனம் தரும் ஒரு பெரிய ஏரிக்கு அந்தப் பெயர் பொருந்தாது. குடிநீர் வாரியம் இருக்கிறது, குடிநீர்க் குழாய் இருக்கிறது. 'பருகுநீர்' என்று அரசு அலுவலகத்திலும் எழுதுவதில்லை, தெருவிலும் சொல்வதில்லை. 'பிழைப்பாதாரம்' என்ற சொல்லை எவரும் வழங்கவில்லை. 'வாழ்வு' என்பதற்குப் 'பிழைப்பு' என்று ஒரு பட்டியலில் இருந்ததால் மட்டுமே அது பிறந்திருக்கிறது.

இந்தக் கேடு தமிழுக்கு மட்டும் உரியதும் அன்று. 2021ஆம் ஆண்டு கியோம் கபனாக், சிரில் லாபே, அலெக்சாண்டர் மகசினோவ் ஆகிய மூவரும் ஆங்கில ஆய்விதழ்களில் வந்த கட்டுரைகளை ஆராய்ந்து, அவற்றில் பலவற்றில் நிலைபெற்ற கலைச்சொற்களுக்குப் பதிலாக விநோதமான தொடர்கள் வந்திருப்பதை வெளிப்படுத்தினார்கள். செயற்கை நுண்ணறிவு என்று வர வேண்டிய இடத்தில் 'போலி உணர்வு' என்று பொருள்படும் தொடர் இருந்தது. மார்பகப் புற்றுநோய் என்பதற்கு 'மார்பு ஆபத்து' என்பது போன்ற ஒன்று இருந்தது. பிறர் எழுதியதைச் சொல் சொல்லாக மாற்றித் தரும் மென்பொருளைக் கொண்டு, நகல் என்று தெரியாதபடி செய்ய முயன்றதன் தடயங்கள் என்று அவற்றை அவர்கள் கருதினார்கள். சித்திரவதைக்குள்ளான தொடர்கள் என்று அவற்றுக்குப் பெயர் வைத்தார்கள். மறைப்பதற்காகச் செய்த மாற்றமே பிடித்துக்கொடுக்கும் அடையாளமாக ஆகிவிட்டது என்பதைப் புதியவர்கள் கவனிக்க வேண்டும்.

ஆனால் சொற்பொருத்தம் மட்டுமே சிக்கல் என்று எண்ணிவிட வேண்டாம். நல்ல தமிழறிஞர் ஒருவரை உட்கார வைத்து, ஒரு சொல்லும் பிசகாமல் ஒத்த சொற்களைப் போடச் செய்தாலும் அந்த ஐந்து வரிகள் உயிர் பெறமாட்டா. அதற்குக் காரணம் சொற்களுக்கு அடியில் இருக்கிறது.

மாறாமல் நிற்பது எது

இரண்டு பத்திகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டிலும் ஐந்து வாக்கியங்கள், ஒவ்வொன்றும் ஐந்திலிருந்து எட்டுச் சொற்களுக்குள் அடங்குகிறது. இரண்டிலும் ஏரி முக்கியம் என்று தொடங்கி, வரலாறு உண்டு என்று சொல்லி, பயன் உண்டு என்று சொல்லி, காக்க வேண்டும் என்று முடிகிறது. மாறியது மேற்பூச்சு, சொல்லப்பட்ட செய்தியும் அதன் வரிசையும் வாக்கியங்களின் நடையும் அப்படியே இருக்கின்றன.

இப்போது ஒரு சோதனை செய்யுங்கள். 'வீராணம்' என்ற பெயரை எடுத்துவிட்டுச் 'செம்பரம்பாக்கம்' என்று போடுங்கள். ஐந்து வாக்கியங்களும் குலையாமல் நிற்கின்றன. மதுராந்தகம் என்று போட்டாலும் குடிநீர் பற்றிய சொல்லை மட்டும் தொட்டால் போதும், மற்றவை நிற்கும். அப்படியானால் இந்தப் பத்தி வீராணத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஏரி என்ற இனத்தைப் பற்றி எல்லாரும் சொல்லக்கூடியதைச் சொல்கிறது. இயந்திர வரைவில் இது நிகழ்வதற்கு நேரடியான காரணம் உண்டு. மொழி மாதிரிகள், எண்ணற்ற உரைகளில் கற்றுக்கொண்டதை வைத்து, இதற்கு முன் வந்த சொற்களுக்கு அடுத்து எது வர வாய்ப்பு அதிகம் என்று கணித்து எழுதுகின்றன. குறிப்பான தகவல் எதையும் கொடுக்காமல் 'வீராணம் பற்றி எழுது' என்று மட்டும் கேட்டால், ஏரிகளைப் பற்றி இதுவரை எழுதப்பட்டவற்றின் பொதுவான சாரம் திரண்டு வருவதே இயல்பு. மனிதர்களும், தெரியாத ஒன்றைப் பற்றி எழுத நேர்ந்தால், இதையேதான் செய்கிறோம். பள்ளிக் கட்டுரைகள் பலவும் இதே சாயலில் இருப்பது அதனால்தான்.

நம் இலக்கணிகள் இதை எப்போதோ கண்டுவைத்திருந்தார்கள். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், ஒரு நூலில் வரக்கூடாத பத்துக் குற்றங்களைப் பட்டியலிடுகிறது: குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வழூஉச்சொல் புணர்த்தல், மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல், நின்று பயன் இன்மை. இந்தப் பத்தில் சொல்லின் பிழையை நேரடியாகச் சுட்டுவது வழூஉச்சொல் புணர்த்தல் ஒன்றுதான். மற்றவை எவ்வளவு சொல்வது, எதைச் சொல்வது, எதை விடுவது, எப்படிக் கோப்பது என்பதைப் பற்றியவை. நம் ஐந்து வரிகளில் உள்ளவை, பொருளில்லாமல் சொல்லைக் கோக்கும் வெற்றெனத் தொடுத்தலும், இருந்தும் பயன் தராத நின்று பயன் இன்மையும். ஒத்த சொல் போட்டுத் திருத்தியபோது அந்த இரண்டில் ஒன்றும் நீங்கவில்லை. அதற்கு மேல் வழூஉச்சொல் புணர்த்தலும் வந்து சேர்ந்துகொண்டது.

முதல் படி: வரைவை மூடிவைத்துவிட்டு அறிந்துகொள்ளுதல்

ஆகவே திருத்தத்தைச் சொல்லிலிருந்து தொடங்கக்கூடாது. வரைவை ஒருபுறம் வைத்துவிட்டு, இந்த ஏரிக்கு மட்டுமே பொருந்தும் செய்திகளைத் தேடி ஒரு தாளில் எழுதுங்கள். வாக்கியமாக எழுத வேண்டியதில்லை, துணுக்குகளாக இருந்தாலே போதும். வீராணத்துக்கு நான் எழுதினால் அந்தத் தாள் இப்படி இருக்கும்.

கடலூர் மாவட்டம், காட்டுமன்னார்கோயில் பக்கம். 10ஆம் நூற்றாண்டில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வெட்டப்பட்டது. அவனுடைய வீரநாராயணன் என்ற பட்டப்பெயரே ஏரிப் பெயரின் மூலம். தண்ணீர் வருவது முக்கியமாகக் காவிரியிலிருந்து: மேட்டூரில் திறந்த நீர் கொள்ளிடம் வழியாகக் கீழணைக்கு வந்து, அங்கிருந்து வடவாறு வழியாக ஏரியை அடைகிறது. முழுக் கொள்ளளவில் நீர்மட்டம் 47.5 அடி. புதிய வீராணம் திட்டத்தின்கீழ்ச் சென்னைக்குக் குழாய் வழியாகத் தண்ணீர் வரத் தொடங்கியது 2004இல். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கும் ஏறக்குறைய வற்றியபோதும் வீராணத்திலிருந்து சென்னைக்குத் தண்ணீர் போனது.

இந்தத் தாளை எழுத ஏரிக்கரைக்குப் போயிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சென்னைக் குடிநீர் வாரியம் ஏரிகளின் நீர் இருப்பை நாள்தோறும் வெளியிடுகிறது. மாவட்ட விவரங்களும் நாளிதழ்ச் செய்திகளும் நூலகத்தில் கிடைக்கும். போகாதவர் போனதுபோல் எழுதாமல் இருந்தால் போதும். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. குரல் வேண்டும் என்றதும் சிலர் 'சிறுவயதில் ஏரிக்கரையில் தாத்தாவுடன் நடந்தபோது' என்று ஒரு நினைவைப் புனைந்து முன்னால் சேர்த்துவிடுகிறார்கள். அதுவும் ஒருவகைச் சொல்மாற்றம்தான். தாத்தாவையும் ஏரிக்கரையையும் வேறு எந்தக் கட்டுரையின் தலையிலும் வைக்க முடியும். அதோடு அது உண்மையும் இல்லை.

இரண்டாம் படி: யாருக்கு, எதை என்று முடிவு செய்தல்

தாளில் உள்ள அனைத்தையும் எழுத வேண்டியதில்லை. யார் படிக்கப் போகிறார்கள், அவர்களிடம் என்ன சொல்லப் போகிறோம் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதி, அதைத் தாளின் தலைப்பில் வையுங்கள். எனக்கு முன்னால் இருப்பவர் சென்னையில் குழாயைத் திறந்து தண்ணீர் பிடிப்பவர் என்று வைத்துக்கொள்கிறேன். அவரிடம் சொல்ல விரும்புவது இது: நீங்கள் குடிக்கும் தண்ணீரில் ஒரு பங்கு, பாசனத்துக்காக வெட்டிய ஏரியிலிருந்து வருகிறது, அதே தண்ணீருக்காக அங்கே வயல்களும் காத்திருக்கின்றன.

முடிவு இப்படி எடுக்கப்பட்டதுமே, எது முன்னால் வரும், எது விடப்படும் என்பது தானாகத் தெளிகிறது. சோழன் பட்டப்பெயரின் கதை சுவையானது, ஆனால் இங்கே அது மற்றொன்று விரித்தலாகிவிடும், ஆகவே விட்டுவிடலாம். ஏரி பாசனத்துக்காக வெட்டப்பட்டது என்பதும் அது பழமையானது என்பதும் வேண்டும், ஏனெனில் யாருடைய தேவை முந்தியது என்ற கேள்விக்கு அது அடிப்படை. காட்டுமன்னார்கோயிலில் உள்ள ஒரு விவசாயிக்காக எழுதினால் இதே தாளிலிருந்து முற்றிலும் வேறு பத்தி பிறக்கும். அவருக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று சொல்ல வேண்டியதே இல்லை.

நாம் ஒருவருடைய எழுத்தில் கேட்பதாக உணரும் குரல் பெரும்பாலும் இந்த முடிவுகளிலிருந்துதான் எழுகிறது. எழுதுபவர் எதைப் பெரிதாக எண்ணினார், எதைப் படிப்பவருக்கு ஏற்கெனவே தெரியும் என்று விட்டார், எங்கே தயங்கினார் என்பவை தெரியும்போது அங்கே ஒருவர் இருக்கிறார் என்று நமக்குப் படுகிறது.

மூன்றாம் படி: மீண்டும் எழுதுதல்

பழைய வரைவைத் திறக்காமல், தாளை மட்டும் பார்த்து எழுதுங்கள். திறந்து வைத்திருந்தால் அதன் வரிசை நம்மை இழுத்துவிடும். நான் எழுதினால் வருவது இது:

"சென்னையில் குழாயைத் திறக்கும் பலருக்கு, அந்தத் தண்ணீரில் ஒரு பங்கு கடலூர் மாவட்டத்து ஏரியிலிருந்து வருகிறது என்பது தெரியாது. அந்த ஏரிக்கும் அது சொந்தத் தண்ணீர் இல்லை. மேட்டூரில் திறந்துவிடும் காவிரி, கொள்ளிடத்தின் வழியே கீழணைக்கு வந்து, அங்கிருந்து வடவாற்றில் பிரிந்து வீராணத்தில் சேர்ந்த பிறகே குழாயில் ஏறிச் சென்னைக்குப் புறப்படுகிறது. 2019 கோடையில் பூண்டியும் சோழவரமும் செங்குன்றமும் செம்பரம்பாக்கமும் ஏறக்குறைய வற்றிவிட்ட நிலையில், ஏரிகளில் வீராணம்தான் நகரத்துக்குக் கைகொடுத்தது. ஆனால் சோழர் காலத்தில் இதை வெட்டியது பாசனத்துக்கு. நகரத்துக்குக் குழாய் வந்தது 2004இல்தான். மேட்டூரில் தண்ணீர் குறையும் ஆண்டுகளில் சென்னையின் குடத்துக்கும் காட்டுமன்னார்கோயிலின் நாற்றுக்கும் இருப்பது இந்த ஒரே ஏரி என்பதை நாம் மறந்துவிடக்கூடாது."

இப்போது பெயர்ச் சோதனையைச் செய்து பாருங்கள். வீராணத்தின் இடத்தில் வேறு எந்த ஏரியை வைத்தாலும் பத்தியில் பெரும்பகுதி பொய்யாகிவிடும். இதில் வரும் சொற்களோ மிகச் சாதாரணமானவை: குழாய், தண்ணீர், குடம், நாற்று. அகராதி எடுத்துப் பார்க்க வேண்டிய ஒரு சொல்கூட இல்லை. முதல் பத்தியில் ஐந்து வாக்கியங்களும் ஏறத்தாழ ஒரே அளவாக இருந்தன. இங்கே ஒன்று நான்கு கட்டங்களைக் கடந்து தண்ணீரோடு சேர்ந்து நீள்கிறது, அதற்கு முந்தியது சட்டென்று முடிகிறது. நீளத்தை வேண்டுமென்றே மாற்றி வைக்கவில்லை. தண்ணீரின் பாதை நீளமானது என்பதால் அந்த வாக்கியம் நீண்டது. சில கையேடுகள் 'ஒரு நீள வாக்கியம், ஒரு குறு வாக்கியம் என மாற்றி எழுதுங்கள்' என்று கற்பிக்கின்றன. செய்தி அதை வேண்டாதபோது அப்படி வெட்டினால் அதுவும் ஒரு வாய்பாடாகி, சில பத்திகளிலேயே வெளியே தெரிந்துவிடும்.

நான்காம் படி: இடைச்சொல்லும் வினைமுடிவும்

தமிழில் எழுதுபவர்கள் அதிகம் கவனிக்க வேண்டிய படி இது என்று கருதுகிறேன். நம் மொழியில் எழுதுபவரின் நிலைப்பாடு பெயர்ச்சொல்லைவிட அதனோடு ஒட்டும் சிறு இடைச்சொற்களிலும், வினையின் முடிவிலும்தான் பெரும்பாலும் தங்கியிருக்கிறது. 'அந்தக் கோடையில் வீராணத்தில் தண்ணீர் இருந்தது' என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இது ஒரு பதிவேட்டு வரி. 'வீராணத்தில்தான் இருந்தது' என்றால் மற்ற ஏரிகளைப் பார்த்துவிட்டு வந்து, அங்கே இல்லை என்று அறிந்து சொல்கிறோம். 'வீராணத்திலும் இருந்தது' என்றால் வேறு எங்கோ இருப்பதும் தெரியும். 'வீராணத்திலாவது இருந்தது' என்றால் நிலைமை மோசம் என்பதையும், இது ஒன்று மிஞ்சியதில் ஓர் ஆறுதல் உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்கிறோம். எந்தப் பெயர்ச்சொல்லும் வினைச்சொல்லும் மாறவில்லை, ஆனால் மூன்று வெவ்வேறு மனிதர்கள் பேசுகிறார்கள்.

இவற்றில் எது பொருந்தும் என்பதை, மற்ற ஏரிகளின் நிலை தெரிந்தவர் மட்டுமே முடிவு செய்ய முடியும். ஒத்த சொல் பட்டியல் இங்கே உதவாது. பழைய நிகண்டுகளும் தேவப்பெயர், மக்கட்பெயர், விலங்கின் பெயர், மரப்பெயர் என்று பெயர்களையே பெரிதும் தொகுத்தன. இன்றைய சொல்மாற்று மென்பொருள்களும் பெயரையும் அடைமொழியையும் வினையையும் பிடித்து மாற்றுகின்றனவே ஒழிய, 'தான்' எங்கே வேண்டும் என்று அவற்றால் சொல்ல இயலாது. தொல்காப்பியம் இடைச்சொல்லுக்குத் தனி இயலே வகுத்து, ஏகாரம் ஒன்றுக்கே தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை என ஐந்து பொருள் காட்டுகிறது என்பதை எண்ணிப் பார்த்தால், இந்தச் சிறிய உறுப்புகளின் கனம் புரியும்.

வினைமுடிவும் அப்படியே. 'நான்கு ஏரிகளும் வற்றின' என்பது செய்தி. 'வற்றிவிட்டன' என்றால் முடிந்துபோனது, இனி செய்ய ஏதும் இல்லை என்ற தொனி வருகிறது. 'வற்றிப்போயின' என்றால் இழப்பின் வருத்தம் கலக்கிறது. 'வற்றிக்கிடந்தன' என்றால் அந்த நிலை நாள்கணக்காக நீடித்ததும், அதை ஒருவர் கண்டதும் தெரிகிறது. ஆகவே காணாதவர் அதைத் தவிர்ப்பது நல்லது. நம் முதல் பத்தியிலோ 'ஆகும்', 'கொண்டுள்ளது', 'வகிக்கிறது', 'விளங்குகிறது', 'ஆகும்' என்றே எல்லா வாக்கியமும் முடிகின்றன. இவை எதையும் ஏற்பதில்லை, எதற்கும் வருந்துவதில்லை. 'விளங்குகிறது' என்பதைத் 'திகழ்கிறது' என்று மாற்றினால் அந்த இடம் அதே அளவு வெறுமையாகத்தான் இருக்கும்.

சொல்லின் இடமும் இதே வகையைச் சேர்ந்தது. '2004இல் நகரத்துக்குக் குழாய் வந்தது' என்று எழுதினால் ஆண்டு ஒரு தகவலாக நிற்கிறது. 'நகரத்துக்குக் குழாய் வந்தது 2004இல்தான்' என்று புரட்டினால் வாக்கியத்தின் அழுத்தம் முழுவதும் ஆண்டில் போய் விழுகிறது. சோழர் காலத்துக்கும் அதற்கும் உள்ள தொலைவைப் படிப்பவர் தாமே அளந்துகொள்கிறார். ஆனால் ஒவ்வொரு வாக்கியத்தையும் இப்படிப் புரட்டிவிடாதீர்கள். ஒரு பத்தியில் அழுத்தம் தேவைப்படும் இடம் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான் இருக்கும்.

ஐந்தாம் படி: தேறியதா என்று பார்த்தல்

பெயர்ச் சோதனை முன்பே செய்தாயிற்று. அடுத்து ஒவ்வொரு வாக்கியத்தையும் விரலால் மறைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள். எதுவும் குறையவில்லை என்றால் அந்த வாக்கியம் நின்று பயனற்றது. பிறகு, இதில் எந்த வாக்கியத்தையாவது யாராவது மறுக்க முடியுமா என்று கேளுங்கள். முதல் பத்தியில் எவரும் எதையும் மறுக்க மாட்டார். நீர்நிலைகளைக் காப்பது கடமை அன்று என்று வாதாட யாரும் வரப்போவதில்லை. புதிய பத்தியின் கடைசி வாக்கியத்தை எதிர்த்து, சென்னைக்கு வேறு மூலங்களும் உண்டு, கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்களும் இருக்கின்றன என்று ஒருவர் சொல்லலாம். அது நியாயமான மறுப்பு. அதைக் கேட்டு நான் 'இருப்பது இந்த ஒரே ஏரி' என்பதைப் 'பொதுவாக இருப்பது இந்த ஏரி' என்று திருத்திக்கொள்வேன். மறுக்கத்தக்க ஒன்றைப் பொறுப்பேற்றுச் சொல்வதும், தேவையானால் அளவோடு குறைத்துக்கொள்வதும் எழுதுபவர் செய்யும் வேலை.

கடைசியாக, உரக்கப் படியுங்கள். தமிழ்த் தொடர் நீண்டால் எழுவாய்க்கும் வினைக்கும் இடையே மூச்சு எங்கே நிற்கிறது என்பதைக் கண்ணைவிட வாய் நன்றாகக் காட்டும். உங்கள் வாயில் ஒருபோதும் வராத தொடர் வந்தால் அங்கே அடிக்கோடிடுங்கள். 'முக்கியப் பங்கு வகிக்கிறது' என்று யாரும் வீட்டில் சொல்வதில்லை. அதற்காகக் கட்டுரையைப் பேச்சுவழக்காக மாற்ற வேண்டாம். 'நண்பர்களே', 'பாருங்க', 'செம' என்று இடையிடையே தூவுவது, 'தடாகம்' என்று போட்டதன் மறுபக்கம்தான். 'வீராணத் தண்ணீரால்தான் அந்த வயல்கள் விளைகின்றன' என்பது எழுத்துத் தமிழ்தான், ஆனால் ஒருவர் வாயிலிருந்து வரக்கூடியது.

இயந்திரம் எழுதியதா என்று கண்டுபிடித்துத் தரும் கருவிகளில் போட்டுப் பார்த்து, அவை காட்டும் எண்ணைக் குறைக்க வேண்டுமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம் என்பதே என் கருத்து. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே, தான் வெளியிட்ட அத்தகைய கருவியைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. மனிதர் எழுதியதையும் இயந்திரம் எழுதியது என்று அவை சொல்வதுண்டு. கருவி காட்டும் எண்ணைக் குறிவைத்துத் திருத்தினால் மீண்டும் 'பருகுநீர்' போன்ற அரிய சொற்களைத் தேடியே போவீர்கள். ஆசிரியருக்கோ நிறுவனத்துக்கோ இயந்திர உதவி பெற்றதைத் தெரிவிக்க வேண்டிய கடமை இருந்தால் அதை நேராகச் சொல்லிவிடுங்கள். எந்தத் திருத்தமும் அந்தக் கடமையை நீக்காது.

சொல்லுக்கு எப்போது வருவது

இவை அனைத்தும் முடிந்த பிறகு சொற்களைப் பார்க்கலாம். அப்போதும் நோக்கம் புதுச்சொல் தேடுவதாக இருக்கக்கூடாது. அந்தப் பொருளுக்கு அங்குள்ளவர்கள் வைத்திருக்கும் பெயர் வந்திருக்கிறதா என்று பார்ப்பதாக இருக்க வேண்டும். 'நீர் வெளியேற்றும் அமைப்பு' என்று எழுதியிருந்தால், பாசனத்துக்கு விடும் வழியானால் மதகு என்றும், மிகுநீர் வழியும் இடமானால் கலிங்கு என்றும் மாற்றுங்கள். இரண்டும் வேலையில் வேறானவை என்பதால் எது என்று தெரியாமல் எழுத முடியாது. தெரியவில்லை என்றால் முதல் படிக்குத் திரும்பிக் கேட்டறிய வேண்டியதுதான்.

அப்படிச் சரியான பெயர் கிடைத்துவிட்டால் அதைத் திரும்பத் திரும்ப வழங்கத் தயங்காதீர்கள். ஒரே சொல் இரண்டு முறை வரக்கூடாது என்று பள்ளியில் பழகிய அச்சமே பலரை ஒத்த சொற்களிடம் கொண்டுபோய் விடுகிறது. கட்டுரையின் தொடக்கத்தில் கீழணை என்று எழுதிவிட்டு, நடுவில் கொள்ளிடத் தடுப்பணை என்றும், பிறகு கதவணை என்றும் எழுதினால், அந்தப் பகுதியை அறியாத வாசகர் மூன்று அணைகள் இருப்பதாக எண்ணிக்கொண்டு வரைபடத்தில் தேடத் தொடங்குவார். கீழணை என்று ஒருமுறை எழுதினால் கட்டுரை முடியும்வரை அது கீழணையாகவே இருக்கட்டும்.